லோகோவிலேயே நிற்கும் வாட்ச்

மதுரையிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். “தம்பி, இந்த வாட்ச் மூணு நாளா கம்பெனி பேரை மட்டும் காட்டிக்கிட்டு நிக்குதுப்பா. தொட்டாலும் அசைய மாட்டேங்குது. கீழ கடையில கொடுத்துப் பார்த்தேன். போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்கிடுங்கன்னுட்டான்.”

பெரியப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. விடிவதற்கு முன் நடக்கக் கிளம்பிவிடுவார். அன்றைக்கு எத்தனை அடி நடந்தார் என்பதை ராத்திரி நோட்டில் எழுதிவைக்காமல் தூங்க மாட்டார். வாட்ச் இல்லாத மூன்று நாளும் அந்த நோட்டில் வெற்றுக் கோடுதான். அதுதான் அவருக்கு வருத்தம்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “பேரு வந்து அப்படியே நிக்குதா பெரியப்பா, இல்ல வந்து வந்து போகுதா?”

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். “வருது. ஒரு பத்து எண்ணுற வரைக்கும் இருக்கு. அப்புறம் இருட்டாயிடுது. திரும்ப வருது.”

லோகோ வந்து அசையாமல் நிற்பது ஒரு கோளாறு. வந்து வந்து போவது வேறு கோளாறு. முதலாவதில் பெரும்பாலும் மென்பொருள் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை. வாட்ச் எழுந்திருக்கப் பார்க்கிறது, ஆனால் எழுந்து நிற்கத் தெம்பில்லை. திரை, செயலி, ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் பேட்டரியிலிருந்து அதிக மின்சாரம் இழுக்கப்படும். காலியாகக் கிடக்கும் பேட்டரியின் வோல்டேஜ் அந்த இழுப்பில் சட்டென்று சரியும். சரிந்ததும் பாதுகாப்புக்காக எல்லாம் அணையும். சுமை இறங்கியதும் வோல்டேஜ் கொஞ்சம் மேலே வரும். வாட்ச் மறுபடி எழப் பார்க்கும். பார்க்கிறவருக்கு அது போர்டு போன மாதிரிதான் தெரியும்.

விசாரித்ததில் கதை புரிந்தது. பெங்களூருவில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். வாட்சைப் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வைக்கும்போதே அதில் சார்ஜ் குறைவு.

அணைத்து வைத்த வாட்ச் மின்சாரமே தின்னாது என்றுதான் நாம் நினைக்கிறோம். உள்ளே நேரத்தைக் காக்கும் சிறு பகுதியும், பட்டனை யாராவது அழுத்துகிறார்களா என்று கவனிக்கும் பகுதியும் துளித் துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். லித்தியம் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது ஏறக்குறைய 4.2 வோல்ட், சில புது மாடல்களில் அதற்குச் சற்று மேலே. 3.4 வோல்ட் வாக்கில் இறங்கும்போதே சார்ஜ் தீர்ந்தது என்று வாட்ச் தன்னை அணைத்துக்கொள்ளும். அதற்குக் கீழேயும் துளித் துளியாக இறங்கிக்கொண்டே போனால் 2.5 வோல்ட்டுக்கும் 3 வோல்ட்டுக்கும் இடையில், மாடலைப் பொறுத்து, பேட்டரியோடு ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சுற்று கதவைச் சாத்திவிடும். இனி இதிலிருந்து எடுத்தால் பேட்டரி கெடும் என்பதற்காகச் செய்கிற காரியம் அது. அந்த நிலையில் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கதவைத் திறக்கச் சார்ஜரால்தான் முடியும்.

சார்ஜர் மாட்டியதும் உடனே உயிர் வந்துவிடாது. மூன்று வோல்ட்டுக்குக் கீழே கிடக்கும் பேட்டரிக்கு முழு வேகத்தில் மின்சாரம் கொடுப்பது ஆபத்து. அதனால் சார்ஜ் செய்யும் சில்லு முதலில் வழக்கமான வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் கொடுக்கும். பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போல. 300 மில்லிஆம்பியர் மணி கொள்ளும் ஒரு வாட்ச் பேட்டரிக்கு 30 மில்லிஆம்பியர் வீதம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் ஏறுவது 15. அதாவது ஐந்து சதவீதம். அந்த அரை மணியும் திரை கறுப்பாகவே இருக்கலாம். ஆப்பிள் வாட்சில்கூட, முழுதாகத் தீர்ந்துபோயிருந்தால் சார்ஜ் அடையாளம் தெரிய முப்பது நிமிடம்வரை ஆகலாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு “சார்ஜே ஏறல” என்று முடிவுகட்டும் இடத்தில்தான் நல்ல வாட்ச் பல குப்பைக்குப் போகிறது.

“எதுல சார்ஜ் போட்டீங்க?”

“பவர் பேங்க்லதான். கட்டில் பக்கத்துலயே இருக்கும்ல. ஆனா கொஞ்ச நேரத்துல பவர் பேங்க் லைட்டு அணைஞ்சிடுதுப்பா.”

இது பலருக்கும் தெரியாத விஷயம். போனுக்காகச் செய்யப்பட்ட பவர் பேங்க், மறுமுனையில் மிகக் குறைவாக மின்சாரம் இழுக்கப்பட்டால், யாரும் மாட்டியிருக்கவில்லை அல்லது போன் நிரம்பிவிட்டது என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்ளும். பசியில் கிடக்கும் வாட்ச் இழுக்கிற 30 மில்லிஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். சில பவர் பேங்குகளில் பட்டனை இரண்டு முறை தட்டினால் குறைந்த மின்சாரத்துக்கான தனி வழி திறக்கும், எல்லாவற்றிலும் கிடையாது. லேப்டாப்பின் யூ.எஸ்.பி. துளையும் லேப்டாப் தூங்கப்போனால் நின்றுவிடலாம். சுவரில் செருகும் பழைய போன் அடாப்டர், 5 வோல்ட் 1 ஆம்பியர் என்று எழுதியிருப்பது, இதற்குப் போதும்.

அடுத்து வாட்சைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அவருடையது பின்பக்கம் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் உள்ள வகை. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர். “புள்ளி ரெண்டும் கறுத்துப்போய் இருக்கு, ஒண்ணுல பச்சையா ஏதோ படிஞ்சிருக்கு” என்றார். வியர்வையின் உப்பு செய்கிற வேலை அது. ஈரம் காயாத வாட்சைச் சார்ஜில் போடும்போது அந்த உப்புநீர் வழியாக மின்சாரம் ஓடி உலோகத்தை அரிக்கும். காந்தம் ஒட்டியிருப்பதால் நமக்குச் சார்ஜ் ஏறுவது போலத் தோன்றும். உள்ளே ஒன்றும் போயிருக்காது.

“ஊசி போடுறதுக்கு முன்னாடி துடைப்பீங்கள்ல, அந்தப் பாக்கெட் பஞ்சு ஒண்ணு எடுங்க.” இன்சுலின் போடுகிற வீட்டில் அது எப்போதும் இருக்கும். அதில் நனைத்திருப்பது பெரும்பாலும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்; மின் இணைப்புகளைத் துடைக்கப் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்துவதும் அதுதான். சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, வாட்சின் புள்ளிகளையும் சார்ஜரின் ஊசிகளையும் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிடச் சொன்னேன். பின் எடுத்துச் சுரண்ட வேண்டாம் என்றும் சொன்னேன். மேல் பூச்சு போனால் அடுத்த மாதமே அதைவிட மோசமாக அரிக்கும்.

பிறகு அடாப்டரில் மாட்டச் சொன்னேன். ஒரு மணி நேரம் வாட்சைத் தொடக் கூடாது, பட்டனை அழுத்தவே கூடாது என்று இரண்டு முறை சொன்னேன்.

பத்தாவது நிமிடத்தில் போன் வந்தது. “லேசா அமுக்கிப் பார்த்தேன்பா. பேரு வந்துச்சு, போயிருச்சு.”

இந்த ஆசையை அடக்குவது எல்லோருக்கும் கஷ்டம். ஆனால் ஒவ்வொரு தடவை வாட்ச் எழ முயலும்போதும், அதுவரை சேர்ந்த கொஞ்ச நஞ்சச் சார்ஜும் அந்த முயற்சியிலேயே கரைந்துபோகும். பத்து நிமிடத்தில் வந்ததைப் பத்து நொடியில் செலவழித்தாயிற்று. மறுபடி முதலிலிருந்து. சார்ஜ் முதலில், பட்டன் பிறகு என்ற வரிசையை மாற்றினால் மூன்று நாள் ஆனாலும் அதே லோகோதான்.

ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். பேட்டரி படமும் எட்டு சதவீதமும் தெரிந்ததாம். பிறகு லோகோ வந்ததாம். இந்தத் தடவை அணையவில்லை. ஆனால் நகரவும் இல்லை. கால் மணியாக அதே பெயர்.

பசி தீர்ந்த பிறகு வெளிப்படும் இரண்டாவது கோளாறு இது. மூன்று நாளாக எழுந்து எழுந்து பாதியில் விழுந்ததில் மென்பொருள் எங்கோ தடுமாறி நின்றிருக்கிறது. இப்போதுதான் கட்டாய மறுதொடக்கத்துக்கு வேளை.

வழக்கமாக நாம் செய்யும் ரீஸ்டார்ட் என்பது, அணைந்துகொள் என்று மென்பொருளிடம் கேட்பது. மென்பொருளே மயங்கிக் கிடந்தால் அந்தக் கோரிக்கையைக் கேட்க ஆளில்லை. பழைய போன் என்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிடுவோம். வாட்ச் மூடி ஒட்டப்பட்ட பொருள். அதற்காகவே, பட்டன் தொடர்ந்து இத்தனை நொடி அழுந்தியிருந்தால் செயலிக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிட்டு மறுபடி கொடு என்ற ஏற்பாட்டை மின்சாரத்தைக் கவனிக்கும் தனிப் பகுதியிலேயே வைத்திருக்கிறார்கள். மேலே ஓடும் மென்பொருளின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. திரையில் லோகோ உறைந்திருந்தாலும் அது வேலை செய்வது இதனால்தான். சேமித்து முடிந்த கணக்குகள் பொதுவாக அழியாது. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த நடைப்பதிவு ஏதாவது இருந்தால் அது மட்டும் போகலாம்.

எத்தனை நொடி, எந்தப் பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆப்பிள் வாட்சில் பக்கவாட்டுப் பட்டனையும் திருகும் கிரீடத்தையும் சேர்த்துக் குறைந்தது பத்து நொடி, ஆப்பிள் சின்னம் தெரியும்வரை பிடிக்க வேண்டும். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4 முதல் இரண்டு பட்டன்களையும் ஒன்றாக ஏழு நொடிக்கு மேல். கார்மினின் பல மாடல்களில் இடதுபக்கம் மேலே உள்ள லைட் பட்டனைப் பதினைந்து நொடி பிடித்தால் அணையும். பிறகு ஒரு நொடி அழுத்தினால் எழும். ஒற்றைப் பட்டன் உள்ள விலை குறைந்த வாட்சுகளில் பெரும்பாலும் அந்தப் பட்டனையே பத்து முதல் இருபது நொடி. பட்டனே இல்லாத பேண்டுகளில் சிலவற்றைச் சார்ஜரில் வைப்பதே எழுப்பிவிடும்.

எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில். திரை இருண்டதும் கையை எடுத்துவிடுகிறார்கள், அல்லது நாலைந்து நொடியிலேயே சலித்துவிடுகிறார்கள். பட்டனைத் தட்டக் கூடாது, பிடிக்க வேண்டும். வாய்விட்டு எண்ணினால் நல்லது. பெரியப்பாவை போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வாட்ச் சார்ஜரில் இருக்கும்போதே, என்னோடு சேர்ந்து எண்ணச் சொன்னேன். பன்னிரண்டில் திரை இருண்டது. “விடாதீங்க பெரியப்பா” என்றேன். பதினைந்தில் ஒரு அதிர்வு. “வந்துருச்சு!” லோகோ, ஒரு சிறு வட்டம், பிறகு மணி. மணி தப்பு. பேட்டரி முழுதாக விழுந்தால் வாட்ச் நேரத்தை மறந்துவிடும். போனோடு மறுபடி சேர்ந்ததும் தானே திருத்திக்கொள்ளும்.

இதைச் செய்யக் கூடாத நேரம் ஒன்று உண்டு. புது மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது, லோகோவைச் சுற்றி வட்டமோ கீழே கோடோ கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருந்தால், கையை வைக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் மின்சாரத்தை வெட்டினால், அதுவரை வெறும் தாமதமாக இருந்தது உண்மையான பழுதாகிவிடும். ஓரிரு மணி நேரம்கூட ஆகலாம். சார்ஜரிலேயே விட்டுவிட வேண்டும்.

கட்டாய மறுதொடக்கம் செய்தும் அதே லோகோவுக்கே திரும்பி வந்தால், கோளாறு தற்காலிக மயக்கத்தில் இல்லை, சேமித்து வைத்த ஏதோ ஒன்றில் இருக்கிறது என்று கொள்ளலாம். 2025 ஜனவரி இறுதியில் உலகம் முழுக்கப் பல கார்மின் வாட்சுகள் ஒரே நேரத்தில் நீல முக்கோணத்தில் உறைந்து நின்றன. ஜிபிஎஸ் தேவைப்படும் ஓட்டத்தையோ நடையையோ தொடங்கியதும் நின்றுவிடும். அணைத்து எழுப்பினால் மட்டும் போதவில்லை. எழுந்ததும், ஜிபிஎஸ்ஸைத் தொடுவதற்கு முன்பே, போனிலோ கணினியிலோ உள்ள கார்மின் செயலியோடு சேர்த்துப் புதுத் தகவலை இறக்க வேண்டும் என்பதே கம்பெனி சொன்ன வழி. அதற்கும் மசியாதவற்றுக்கு முழு அழிப்பு. ஆப்பிள் வாட்சில், வாட்ச்ஓஎஸ் 8.5-உம் ஐபோனில் ஐஓஎஸ் 15.4-உம் அதற்குப் பிந்தியவையும் இருந்தால், வாட்சும் போனும் அருகருகே இருப்பது போன்ற படம் திரையில் தெரியும்போது, வாட்சைச் சார்ஜரில் வைத்துப் பக்கவாட்டுப் பட்டனை இரண்டு முறை தட்டி, பக்கத்தில் உள்ள ஐபோன் வழியாகவே மென்பொருளை மறுபடி ஏற்றலாம். முழு அழிப்பு என்பது போனுக்குப் போய்ச் சேராத எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும்.

பெரியப்பாவின் கதைக்கு வருகிறேன். மணி தெரிந்தது, ஆனால் விரலால் தள்ளினால் திரை நகரவில்லை. “பாத்தியா, டச் போயிருச்சு” என்றார்.

டச் போய்விட்டதா, வாட்சே உறைந்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நான் அவர் போனை அழைப்பில் வைத்தபடியே பெரியம்மாவின் போனிலிருந்து அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னேன். வாட்ச் அதிர்ந்தது. அப்படியென்றால் உள்ளே மூளை விழித்திருக்கிறது. நொடி முள் நகர்கிறதா, பின்பக்கம் இதயத்துடிப்பு பார்க்கும் பச்சை விளக்கு மின்னுகிறதா என்றும் பார்க்கலாம். இவை நடந்துகொண்டு விரல் மட்டும் ஏறவில்லை என்றால், சந்தேகம் திரையின் மேற்பரப்புக்கு வர வேண்டும்.

இந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்பவை அல்ல. விரல் அருகே வரும்போது கண்ணாடிக்கு அடியில் உள்ள மெல்லிய மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்பவை. தண்ணீர்ப் படலமும் அதே மாற்றத்தை உண்டாக்கும். அதனால் நனைந்த திரைக்கு விரல் எது, துளி எது என்று தெரியாது. தடிமனான ஒட்டுக்கண்ணாடி விரலைத் தூரத்தில் நிறுத்தும். நீச்சலுக்கான நீர்ப்பூட்டு தவறுதலாக இயங்கியிருந்தால் டச் வேண்டுமென்றே அணைக்கப்பட்டிருக்கும். திரையில் சிறு துளி அடையாளம் தெரியும். இப்போதைய ஆப்பிள் வாட்சில் கிரீடத்தை அழுத்திப் பிடித்தால் பூட்டு விலகும். கேலக்ஸி வாட்சில் ஹோம் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொன்று, தரமில்லாத அடாப்டரில் மாட்டியிருக்கும்போது அதன் மின் இரைச்சலே திரையைக் குழப்பும்.

“சார்ஜர்லேருந்து எடுத்துட்டு, வேட்டித் துணியால நல்லாத் துடைச்சிட்டுத் தள்ளுங்க.” தள்ளினார். நகர்ந்தது. சார்ஜரில் வைத்தபடி தள்ளியதுதான் அங்கே சிக்கல்.

அவருடைய பேட்டரி பிழைத்தது. எல்லாப் பேட்டரியும் பிழைக்காது. சுமார் 1.5 வோல்ட்டுக்கும் கீழே போய் நாள்கணக்கில் கிடந்த லித்தியம் பேட்டரியின் உள்ளே செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படியும். அது உள்ளுக்குள்ளேயே குறுக்கு வழி போட்டுவிடும். அதனால்தான் பாதுகாப்புச் சுற்று சிலவற்றைத் திறக்கவே மறுக்கிறது. வெளியிலிருந்து கம்பி வைத்து அதிக மின்சாரம் கொடுத்து எழுப்பும் வித்தைகளைச் சிலர் செய்து காட்டுகிறார்கள். மணிக்கட்டில் கட்டும் பொருளுக்கு அதைச் செய்யாதீர்கள். நல்ல அடாப்டர், சுத்தமான புள்ளிகள், வேறொரு கேபிள் இவற்றோடு ஒரு முழு இரவு வைத்தும் ஓர் அசைவும் இல்லையென்றால், பேட்டரி மாற்றக் கொடுப்பதுதான் வழி. விலை குறைந்த வாட்சில் அந்தச் செலவு கட்டுப்படியாகாமலும் போகலாம். எழுந்த பிறகும் பத்து நிமிடத்தில் நூறு சதவீதம் காட்டி, ஒரு மணியில் பூஜ்யத்துக்கு வந்தால் அதுவும் பேட்டரி போனதற்கு அடையாளம்.

கண்ணாடி ஒரு ஓரத்தில் சட்டத்தைவிட்டு மேலே எழும்பியிருந்தால், நகம் போகிற அளவு இடைவெளி தெரிந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே சார்ஜரிலிருந்து எடுங்கள். திரும்ப அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். கட்டிலிலும் தலையணையிலும் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது கையில் பிடிக்க முடியாத சூடு வந்தாலும் அப்படியே. வெயிலில் நின்ற காருக்குள்ளிருந்து எடுத்த வாட்ச் உடனே சார்ஜ் ஏறாமல் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியை ஏற்றக் கூடாது என்பதால் அதுவே மறுக்கிறது. நிழலில் ஆறட்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே ஈரம் கோக்கும்.

அடுத்த தடவை பெங்களூரு போகும்போது வாட்சைப் பாதி சார்ஜில் அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். முழுதாக ஏற்றியும் வைக்க வேண்டாம், காலியாகவும் வேண்டாம். மாதம் ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பையன் வந்து அரை மணி நேரம் மாட்டிவிட்டுப் போனால் போதும். பெரியப்பா வேறு தீர்மானம் எடுத்திருக்கிறார். கையிலேயே கட்டிக்கொண்டு போகப் போகிறாராம். அன்றைக்கு ராத்திரி நோட்டில் 2,340 அடி என்று எழுதிவிட்டு, காலையில் நடந்தது இதில் சேரவில்லை என்று பக்கத்தில் குறித்துவைத்தாராம்.